உணவுச்சங்கிலி அட்டவணையிலிருந்து சூழல் திறனைக் கணக்கிடுவது எப்படி: புல், எலி, வீசல்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்தாழ்வாரத்தில் சனிக்கிழமை தோறும் ஆறாம் படிவ மாணவர்களுக்கு உயிரியல் டியூஷன் நடக்கிறது. பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். செம்பனை, எலி, கூகை என்ற சங்கிலியை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எலியைப் பிடிக்கத் தோட்டத்தில் கம்பம் நட்டுக் கூகைக்குப் பெட்டி வைத்திருப்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் எண்கள் நிறைந்த ஓர் அட்டவணையைக் கையில் கொடுத்தால், முக்கால்வாசிப் பேர் சூழல் திறன் காண மேல்நிலை உற்பத்தியைக் கீழ்நிலை உற்பத்தியால் வகுத்து, விடை பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் வரவில்லை என்றதும் எங்கோ தவறிவிட்டோம் என்று அழித்துவிடுகிறார்கள்.

பெரும்பாலும் தவறு எதுவும் இருக்காது. ஒரு நிலையின் சக்தியில் பத்து சதவீதம் அடுத்த நிலைக்குப் போகும் என்பது தோராயமான சராசரி, அவ்வளவுதான். அந்த ஒற்றை வகுத்தலுக்குள் மூன்று தனித்தனி வகுத்தல்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் சக்தி எந்த இடத்தில் போயிற்று என்பது தெரியும். இந்தப் பதிவில் ஓர் உண்மையான அட்டவணையை எடுத்துக்கொண்டு அதைச் செய்து பார்ப்போம்.

எடுத்துக்கொள்ளும் அட்டவணை

1950களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பயிரிடாமல் விட்டுப் புல் மண்டிய ஒரு வயலை ஃபிராங்க் காலி என்ற சூழலியலாளர் ஆராய்ந்து 1960இல் முடிவுகளை வெளியிட்டார். புல்லைத் தின்பது வோல் என்கிற குட்டை வால் எலி. வோலைத் தின்பது வீசல், நம் கீரிப்பிள்ளையைப் போல மெலிந்து நீண்ட சின்ன ஊனுண்ணி. செம்பனை, எலி, கூகைக்கு அக்காள் முறை என்றே சொல்லலாம்! எண்கள் எல்லாம் ஒரு ஹெக்டருக்கு, கிலோகலோரியில்.

| A உயிர் | B உண்டது | C கழிவு | D சுவாசம் | E உற்பத்தி | F வெளியிலிருந்து வந்தது |
|---|---|---|---|---|---|
| 2 புல் முதலிய தாவரங்கள் | – | – | 8,760,000 | 49,500,000 | – |
| 3 வோல் | 250,000 | ? | 170,000 | 5,170 | 13,500 |
| 4 வீசல் | 5,824 | ? | 5,434 | 130 | – |

தாவர வரிசையில் E என்பது நிகர உற்பத்தி. சுவாசத்தையும் அதோடு கூட்டினால் ஒட்டுமொத்த உற்பத்தி, ஏறக்குறைய 58.3 மில்லியன். அடுத்த நிலை உண்ணக்கூடியது நிகர உற்பத்தியை மட்டுமே. சுவாசத்தில் எரிந்த சக்தி வெப்பமாகப் போய்விட்டது, அதை எந்த எலியாலும் தின்ன முடியாது. கேள்வித்தாளில் ஒட்டுமொத்தம், நிகரம் இரண்டையும் கொடுத்திருந்தால் வகுக்கும் எண்ணாக நிகரத்தை எடுங்கள்.

F நிரலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அப்புறம் அதற்கு வருவோம்.

முதலில் வெற்றிடத்தை நிரப்புங்கள்

ஒரு விலங்கு உண்டதெல்லாம் மூன்று வழியாகத்தான் போகும்: செரிக்காமல் கழிவாக வெளியேறும், சுவாசத்தில் எரியும், அல்லது உடலாகவும் குட்டியாகவும் மாறும். அதனால் வோலின் கழிவு 250,000 − 170,000 − 5,170 = 74,830. வீசலின் கழிவு 5,824 − 5,434 − 130 = 260. விரிதாளில் செய்தால்:

```
C3: =B3-D3-E3
```

இதை C4க்கும் நகலெடுங்கள். கழிவு எதிர்க்குறியில் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். யாரோ எண்ணை மாற்றி எழுதியிருப்பார்கள், அல்லது ஒரு வரிசை சதுர மீட்டரிலும் இன்னொன்று ஹெக்டரிலும் இருக்கும். ஒரு ஹெக்டர் 10,000 சதுர மீட்டர் என்பதால் அந்தப் பிழை பத்தாயிரம் மடங்கு காட்டும்.

கழிவு என்றதும் புழுக்கை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கூகைப் பெட்டிக்குக் கீழே சாம்பல் நிறத்தில், கட்டைவிரல் பருமனில் உருண்டைகள் கிடக்கும். ஒன்றை நீரில் ஊறவைத்து ஊசியால் பிரித்தால் மயிர்க்கற்றைக்குள் எலியின் கீழ்த்தாடை ஆரஞ்சு நிற வெட்டுப்பல்லோடு வரும். கூகை எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் வாய்வழியாகவே கக்கிவிடும். அதுவும் C நிரலில்தான் சேர வேண்டும். விட்டுவிட்டால் கூகை உள்ளதைவிட அதிகம் செரித்ததாகக் கணக்கு காட்டும்.

மூன்று வகுத்தல்கள்

முதல் கேள்வி: கீழ்நிலை உற்பத்தி செய்ததில் எவ்வளவு வாய்க்குள் போயிற்று? இது உட்கொள்ளும் திறன். வோலுக்கு 250,000 ÷ 49,500,000, அதாவது 0.505%. புல்லில் இருநூறில் ஒரு பங்குதான் வோலின் வாய்க்குப் போயிருக்கிறது. மிச்சமெல்லாம் வேறு உயிர்களுக்கும் மட்கிப்போவதற்கும் போனது.

இரண்டாவது: வாய்க்குள் போனதில் எவ்வளவு குடலைத் தாண்டி உடம்புக்குள் சேர்ந்தது? இது தன்மயமாக்கல் திறன். உடம்புக்குள் சேர்ந்தது என்றால் சுவாசமும் உற்பத்தியும் சேர்ந்த தொகை, 175,170. அதை உண்டதால் வகுத்தால் 70.1%. வீசலுக்கு 5,564 ÷ 5,824 = 95.5%. இறைச்சி சுலபமாகச் செரிக்கும், இலை தழை அப்படியல்ல. இந்த வித்தியாசம் எந்த அட்டவணையிலும் தெரிய வேண்டும்.

மூன்றாவது: சேர்ந்ததில் எவ்வளவு புது உடலாக மாறிற்று? இது உற்பத்தித் திறன். வோலுக்கு 5,170 ÷ 175,170 = 2.95%. வீசலுக்கு 130 ÷ 5,564 = 2.34%. சேர்ந்த ஒவ்வொரு நூறு கிலோகலோரியிலும் தொண்ணூற்றேழுக்கு மேல் உடம்பைச் சூடாக வைத்திருக்கவும் ஓடியாடவும் எரிந்துபோகிறது. வெப்ப இரத்த விலங்குகளுக்கு இது இயல்பு. எலிக்கோ பறவைக்கோ முப்பது சதவீதம் என்று விடை வந்தால் நம்பாதீர்கள், பெரும்பாலும் D நிரலில் ஒரு பூச்சியம் விடுபட்டிருக்கும். பூச்சிக்கு அதே எண் வந்தால் வியப்பில்லை. அது உடம்பைச் சூடாக்கச் செலவழிப்பதில்லை.

மூன்றையும் பெருக்கினால் சூழல் திறன்:

```
G3: =B3/E2
H3: =(D3+E3)/B3
I3: =E3/(D3+E3)
J3: =G3*H3*I3
```

J3இல் 0.0104% என்று வரும். சரிபார்க்க நேரடியாக `=E3/E2` போட்டுப் பாருங்கள், அதே விடைதான் கிடைக்க வேண்டும். பெருக்கும்போது இடையிலுள்ள எண்கள் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன அல்லவா? விடை ஒத்துவராவிட்டால் ஏதோ ஒரு சூத்திரம் தவறான கட்டத்தைப் பார்க்கிறது.

இப்போது விடையைப் படியுங்கள். பத்து சதவீதத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்குதான். காரணம் வோலின் வயிறு அல்ல, அது நன்றாகவே செரிக்கிறது. பெரிய இழப்பு முதல் வகுத்தலில்: புல்லில் 99.5% அதன் வாய்க்கே வரவில்லை. அடுத்தது மூன்றாவதில். இந்த ஒரு வாக்கியத்தை எழுதத்தான் மூன்றாகப் பிரித்தோம்.

113 சதவீதம் வந்தால்

சூத்திரங்களை நான்காம் வரிசைக்கு நகலெடுத்ததும் G4இல் 112.7% வரும். போன மாதம் ஒரு மாணவி இதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், பொறந்த எலியைவிட அதிகமா தின்னுருச்சா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. வயலில் உற்பத்தியானது 5,170, வீசல் தின்றதோ 5,824.

இங்கேதான் F நிரல் வருகிறது. பக்கத்து நிலங்களிலிருந்து வோல்கள் வயலுக்குள் குடிபெயர்ந்து வந்தன, 13,500 கிலோகலோரி மதிப்புக்கு. உள்ளூர் உற்பத்தியைப் போல இரண்டரை மடங்கு! வீசலுக்குக் கிடைத்த உணவு 5,170 + 13,500 = 18,670.

```
G4: =B4/(E3+F3)
```

இப்போது உட்கொள்ளும் திறன் 31.2%. மூன்றையும் பெருக்கினால் வீசலின் சூழல் திறன் 0.70%. F நிரலைக் கவனிக்காமல் 130ஐ 5,170ஆல் வகுத்தவருக்கு 2.5% வந்திருக்கும். இதில் கவலைப்பட வேண்டியது என்னவென்றால், 2.5% பார்ப்பதற்குச் சரியான விடை மாதிரியே இருக்கும். 113 சதவீதம் எட்டிப் பார்த்தால்தான் தவறு பிடிபடும். ஒரே வகுத்தலோடு நிறுத்தியவருக்கு அது கண்ணில் படவே படாது.

உட்கொள்ளும் திறன் நூறைத் தாண்டினால் மூன்று இடங்களைப் பாருங்கள். அலகு ஒன்றாக இருக்கிறதா, உண்ணும் விலங்குக்கு அட்டவணையில் இல்லாத வேறு உணவும் உண்டா, எல்லைக்கு வெளியிலிருந்து இரை வந்ததா. செம்பனைக் காட்டில் ஒரு பிளாக்கை மட்டும் அளந்தால் மூன்றாவது கட்டாயம் வரும். எலிக்குப் பிளாக் எல்லை தெரியாது, கூகைக்கும்தான்.

எதால் வகுப்பது

வகுக்கும் எண்ணை மாற்றினால் விடையும் மாறும். வோல் எல்லாத் தாவரத்தையும் தின்னாது. அதற்கு உணவாகக்கூடியது 15.8 மில்லியன் கிலோகலோரிதான் என்று காலி கணித்தார். அதால் வகுத்தால் உட்கொள்ளும் திறன் 0.5%இலிருந்து 1.6% ஆகிறது. இரண்டும் சரிதான், ஆனால் எதை எடுத்தீர்கள் என்று விடையோடு எழுத வேண்டும். எழுதாத விடைக்கு நான் மதிப்பெண் குறைப்பேன். செம்பனையில் இது இன்னும் முக்கியம். குலையை வெட்டி லாரியில் ஆலைக்கு அனுப்பிவிடுகிறோம். மரத்தின் நிகர உற்பத்தி முழுவதையும் எலியின் உணவாக எடுத்தால், ஆலைக்குப் போன எண்ணெயையும் தண்டையும் எலிக்கு முன்னால் பரிமாறியதாகக் கணக்கு ஆகிவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

இது பயிற்சிக்காக நான் போட்ட எண்கள், யாரும் அளந்தவை அல்ல. ஓலையின் நிகர உற்பத்தி 20,000. அதைத் தின்னும் பைப்புழு உண்டது 1,000, கழிவு 600, உற்பத்தி 160. சுவாசம் கொடுக்கப்படவில்லை.

சுவாசம் 240 என்று வர வேண்டும். உட்கொள்ளும் திறன் 5%, தன்மயமாக்கல் 40%, உற்பத்தித் திறன் 40%, பெருக்கினால் 0.8%. வோலின் எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: செரிப்பதில் புழு பின்தங்குகிறது, சேர்ந்ததை உடலாக்குவதில் வோலைவிடப் பதின்மூன்று மடங்கு முந்துகிறது.