மொட்டை மாடியில் உறங்க: ஒரு கொசுவலை, ஒரு வேட்டி, நான்கு வாளி மணல்

வேலூரில் கத்திரி வெயில் காயும் நாள்களில், பகல் முழுவதும் சூடேறிய சிமெண்டுத் தளம் நள்ளிரவு வரை அனலை வெளிவிட்டுக்கொண்டிருக்கும். அதனால் ஆறு மணிக்கே, வெயில் தாழ்ந்தவுடன், தளம் நனையும் அளவுக்கு நான்கைந்து வாளி நீர் ஊற்றிவிட வேண்டும். படுக்கப்போகும் நேரத்தில் ஊற்றினால் புழுக்கம்தான் மிஞ்சும். காய்ந்த தளத்தின் மேல் கோரைப்பாயை விரியுங்கள். பிளாஸ்டிக் பாய் முதுகை வியர்க்க வைக்கும் என்பதால் வந்தவாசிக் கோரைப்பாயையே நான் பரிந்துரைப்பேன்.

கொசுவலை கட்ட மாடியில் ஆணி இருக்காது. பழைய பெயிண்ட் வாளிகள் நான்கில் மணல் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஐந்தடிச் சவுக்குக் கழி ஒன்றை ஊன்றி, வலையின் நான்கு மூலைகளையும் அவற்றில் கட்டுங்கள். குடைபோல விரியும் மடக்கு வலையை நான் வாங்கி ஏமாந்தேன்; காற்றடித்தால் அது உருண்டு ஓடுகிறது. எந்த வலையானாலும் அதன் கீழ் விளிம்பைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும். கையோ காலோ வலையை ஒட்டிக் கிடந்தால் கொசு வெளியிலிருந்தே கடித்துவிடும் என்பதால், இருவருக்கான வலையில் ஒருவர் படுப்பதே நல்லது. மின்கம்பி வரும் குழாயில் மட்டும் வலைக்கயிற்றைக் கட்டாதீர்கள்.

என்னை அதிகம் அலைக்கழித்தது பனி. பங்குனியிலும், கோடை மழை பெய்து வானம் தெளிந்த இரவுகளிலும், விடியற்காலையில் போர்வை ஈரமாகிக் கிடக்கும். பனி மேலிருந்து பெய்கிறது என்று நினைத்து இன்னும் தடித்த போர்வையாக மாற்றினேன், அதுவும் நனைந்தது. உண்மையில், திறந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கும் எந்தப் பொருளும் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் நீராகப் படிகிறது. ஆகவே படுக்கைக்கும் வானத்துக்கும் நடுவே ஏதாவது ஒன்று இருந்தால் போதும். ஒரு பழைய எட்டு முழ வேட்டியை இரட்டையாக மடித்து, கழிகளின் நுனியில், வலைக்கு ஒரு சாண் உயரத்தில் விறைப்பாகக் கட்டினேன். காலையில் வேட்டியின் மேற்புறம் நனைந்திருந்தது, நான் நனையவில்லை. முதல் நாள் வேட்டியை வலையின் மேலேயே படியப் போட்டதால் ஈரம் ஊறி வலைக்கு இறங்கியது; அந்த ஒரு சாண் இடைவெளி கட்டாயம் இருக்கட்டும்.

வேட்டி பனியைத் தடுப்பதோடு குளிர்ச்சியையும் கொஞ்சம் தடுக்கும். அதனால் தினமும் கட்டத் தேவையில்லை. காற்று வீசும் இரவிலும் மேகமூட்டத்திலும் பனி பெரும்பாலும் படியாது. வெட்டவெளியில் நிற்கும் வண்டியின் இருக்கை இன்று காலை நனைந்திருந்தால், காற்றில்லாத தெளிந்த இரவாக இருக்கும்பட்சத்தில், இன்றும் கட்டிவிடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். மே மாதத்தில் இங்கே ஆறு மணிக்குக் கால் மணி நேரம் முன்பே சூரியன் எழுந்துவிடுகிறது. மாடிப்படி அறையின் நிழலில் படுப்பதே எளிய வழி. எட்டடி உயர அறையின் நிழல் ஏழு மணிக்கும் இருபதடிக்கு மேல் நீண்டிருக்கும். ஆனால் நான் மாசியில் பார்த்து வைத்த இடத்தில் மே மாதம் வெயில் முகத்தில் அடித்தது. மாசியில் கிழக்குக்குச் சற்றுத் தெற்கே எழும் சூரியன், மே மாதத்தில் கிழக்குக்கு வடக்கே தள்ளி எழுகிறது. நிழலோ தென்மேற்கே சாய்கிறது. ஆகவே அறைக்குத் தென்மேற்கில், சூடேறிய சுவரிலிருந்து நான்கடி தள்ளிப் படுங்கள். அப்படி அறை இல்லாதவர்கள், வேட்டியின் ஒரு முனையை வடகிழக்குப் பக்கமாகத் திரைபோலத் தொங்கவிடலாம்.

கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரமே உள்ள பழைய வீடுகளில், ஓரத்திலிருந்து ஆறடியாவது விலகிப் படுப்பதும், குழந்தைகளை மாடிக்கு அழைத்துச் செல்லாமல் இருப்பதும் நல்லது. தூக்கக் கலக்கத்தில் எழுபவருக்குத் திசை தெரியாது. இடிச்சத்தம் கேட்டால், மழை வரட்டும் என்று காத்திராமல் உடனே கீழே இறங்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர், தமக்கு மாடி இல்லை, முற்றம்தான் என்று எழுதியிருந்தார். முற்றத்தில் தரையில் படுக்கவே வேண்டாம். கயிற்றுக் கட்டிலைப் போட்டு, வலையைப் பாய்விரிப்புக்கு அடியில் இறுகச் செருகுங்கள். கட்டுவிரியன் இரவில் உலவும். தரையில் உறங்குபவரைக் கடித்தாலும் பெரும்பாலும் வலியோ வீக்கமோ தெரியாது. காலையில் வயிற்றுவலி, இமைகள் தாழ்வது, விழுங்க முடியாமை ஆகியவை கண்டால், கடிவாயைத் தேடிக்கொண்டிராமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.