சனிக்கிழமை குவார்ட்டரும் திங்கட்கிழமை உடம்பும்

சென்னையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் தம்பிகள் சனிக்கிழமை காரைக்குடிக்கு வந்து இறங்கினால், இரவு யார் வீட்டு மாடியிலாவது கூட்டம் சேரும். கோலா உருண்டை, ஈரல் வறுவல், சுக்கா, நடுவில் பாட்டில். வாரம் முழுக்க ஜிம்முக்குப் போய் தொப்பையைக் குறைக்கப் பாடுபடுகிறவர்களும் அதில் இருப்பார்கள். அவர்கள் அடிக்கடி செய்யும் சில தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். குடிக்காதவர்கள் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம்; மது உடம்புக்கு எந்த நன்மையும் செய்வதில்லை.

"மாப்ள, பகல்ல ஒண்ணும் சாப்பிடல, நைட்டுக்கு மிச்சம் வெச்சிருக்கேன்." எல்லாவற்றிலும் மோசமான தவறு இதுதான். வெறும் வயிற்றில் மது வேகமாக ரத்தத்தில் ஏறும். தசை வளரத் தேவையான புரதமும் அன்று பகல் முழுக்கக் கிடைக்காது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு இது ஆபத்தாகவே முடியலாம். பட்டினியும் மதுவும் சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை தாறுமாறாக இறங்கிவிடும். கூட இருப்பவர்கள் அதைப் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

அடுத்தது, "பிராந்தியில் மாவுச்சத்தும் இல்லை, கொழுப்பும் இல்லை, சோடா ஊற்றிக் குடித்தால் எடை போடாது" என்ற நம்பிக்கை. முதல் பாதி சரி. ஆனால் ஒரு கிராம் மதுவில் 7 கலோரி இருக்கிறது. நம் கடையில் விற்கும் 42.8 சதவீத பிராந்தியில் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, சுமார் 61 கிராம் மது. கிட்டத்தட்ட 425 கலோரி. அதில் மிகச் சிறிய பங்குதான் நேரடியாகக் கொழுப்பாக மாறும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உடம்பால் மதுவைச் சேமித்து வைக்க முடியாது, அதனால் அதைத்தான் முதலில் எரிக்கும். ஈரல் மதுவை அசிடேட் ஆக்கி ரத்தத்தில் விட, தசைகள் கொழுப்பை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 8 கிராம் கழியும் என்று வைத்தால், ஒரு குவார்ட்டருக்கு ஏழெட்டு மணி நேரம். அந்த நேரத்தில் உள்ளே போன கோலாவின் எண்ணெயும் சால்னாவின் கொழுப்பும் எரிய வழியில்லாமல் சேமிப்புக்குப் போகும்.

70 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆறு நாள் தினமும் 350 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் 2,100 மிச்சம். சனி இரவு குவார்ட்டர் 425, சைடிஷும் கடைசியில் பரோட்டாவும் சேர்ந்து வழக்கத்தைவிடக் கூடுதலாக 900. மிச்சத்தில் நிற்பது 775. கால் கிலோவுக்கு மேல் குறைய வேண்டிய வாரத்தில் 100 கிராம்தான் குறையும். குடித்தது அரை பாட்டிலாக இருந்தால் அதிலும் பாதிக்கும் குறைவு.

தசைக்கு வருவோம். சனி மாலை கனமாக லெக் டே செய்துவிட்டு நேரே மாடிக்குப் போவது பலருக்குப் பழக்கம். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பயிற்சி முடித்த 8 ஆண்களுக்கு எடை கிலோவுக்கு 1.5 கிராம் மது கொடுத்தார்கள். 70 கிலோ ஆளுக்கு அது 105 கிராம். நம் கணக்கில் அரை பாட்டிலுக்குச் சற்றுக் குறைவு. வே புரதம் சேர்த்துக் கொடுத்தபோதே, புதுத் தசைப் புரதம் உருவாகும் வேகம் 24 சதவீதம் குறைந்தது. புரதம் இல்லாமல் மாவுச்சத்தோடு கொடுத்தபோது 37 சதவீதம். ஆக, சுக்கா சாப்பிட்டதால் சரியாகிவிடும் என்பது பாதிதான் உண்மை. வேறு சிறிய ஆய்வுகளில், கடும் பயிற்சிக்குப் பின் கிலோவுக்கு 1 கிராம் குடித்தவர்களின் தசை பலம் கூடுதலாகக் குறைந்தது. அரை கிராமில் அப்படித் தெரியவில்லை. 70 கிலோ ஆளுக்கு அரை கிராம் என்பது சுமார் 100 மில்லி பிராந்தி.

அதனால் கனமான பயிற்சியை வியாழனுக்கு மாற்றுங்கள். சனிக்கிழமை காலையும் மதியமும் முட்டை, மீன், பருப்பு என்று வழக்கம்போலச் சாப்பிடுங்கள். குடிப்பதாக இருந்தால் ஆட்டுக்கறி வயிற்றுக்குள் போன பிறகு, 90 மில்லிக்குள், படுக்கப் போவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். போதையில் வரும் தூக்கம் பின்னிரவில் உடைந்து உடைந்து போகும்.

ஞாயிறு காலை "வியர்வையில் எல்லாம் போய்விடும்" என்று ஓடுகிறவர்களும் உண்டு. மதுவை ஈரல்தான் கழிக்கிறது, அதை அவசரப்படுத்த முடியாது. ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பு இன்னும் வற்றும். அன்று எடை பார்த்தால் குறைந்ததுபோல் காட்டும், அது போன நீர். செவ்வாய்க்கிழமை உப்பு பிடித்து வைத்த நீரால் ஏறிக் காட்டும். இரண்டையும் நம்பாமல், வெள்ளிக்கிழமைதோறும் காலையில் வெறும் வயிற்றில் எடையும் தொப்புள் அருகே சுற்றளவும் எடுத்து நான்கு வாரத்தை ஒப்பிடுங்கள்.