ஸ்மார்ட் மீட்டரின் அரைமணிக் கணக்கை வைத்து மாலை உச்சத்துக்குக் காரணமான கருவியைப் பிடிப்பது எப்படி?

ஸ்மார்ட் மீட்டர் ஒரு நாளை 48 அரைமணித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்சாரம் ஓடியது என்று குறித்து வைக்கிறது. உங்கள் மீட்டர் கணக்குப் பக்கத்தில் இருந்து ஒரு சாதாரண வேலை நாளின் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். எண்கள் நாள் முழுக்க ஏறிக்கொண்டே போனால் அது மீட்டரின் மொத்த அளவு. ஒவ்வொரு வரியில் இருந்தும் முந்தைய வரியைக் கழித்த பிறகுதான் அரைமணிக் கணக்கு கிடைக்கும்.

யூனிட்டைக் கிலோவாட்டாக மாற்றுங்கள்

கோப்பில் இருப்பது யூனிட், அதாவது `kWh`. கருவியின் மேல் ஒட்டியிருப்பது வாட். அரை மணி நேரத்துக்கு 1 யூனிட் என்றால் அந்த நேரத்தின் சராசரி வேகம் 2 கிலோவாட், அதனால் இரண்டால் பெருக்கினால் போதும். எக்செலில் யூனிட் B பத்தியில் இருந்தால் முதல் வரிக்கு எதிரே இதைப் போட்டுக் கீழே இழுத்து விடுங்கள்:

```
=B2*2
```

இது சராசரி என்பதை மட்டும் மறக்கவே கூடாது. 2 கிலோவாட் கெட்டில் 6 நிமிடம் ஓடினால் வரைபடத்தில் 0.4 கிலோவாட் மேடாகத்தான் தெரியும். அதனால் உயரத்தை மட்டும் பார்த்து கருவியை முடிவு செய்தால் ஏமாந்து போவோம், அகலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தரையைக் கண்டுபிடியுங்கள்

எல்லோரும் தூங்கும் பின்னிரவில் வரும் மிகக் குறைந்த எண்தான் தரை. ஃபிரிட்ஜ், வைஃபை பெட்டி போன்ற எப்போதும் ஓடுபவை இதில் அடங்கும். ஃபிரிட்ஜ் ஓடி ஓடி நிற்பதால் ஒரே ஒரு வரியை நம்பாமல் நாலைந்து வரிகளின் சராசரியை எடுங்கள். இரவெல்லாம் ஏசி ஓடும் வீட்டில் இது தப்பாக வரும், அங்கே ஆள் இல்லாத பகல் நேரத்தை எடுக்கலாம்.

மாலையை உரித்துப் பாருங்கள்

எங்கள் வீட்டில் தரை 0.10 யூனிட். ஒரு மாலைக் கணக்கு இப்படி இருந்தது:

```
18:00  0.20
18:30  0.55
19:00  1.60
19:30  1.25
20:00  0.70
20:30  0.70
```

உச்சியில் இருந்து ஆரம்பிக்காதீர்கள், அதற்குப் பிறகு வரும் சமதளத்தில் இருந்து ஆரம்பியுங்கள். 20:00 மணிக்கு என்னென்ன ஓடியது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்: விளக்கு, டிவி, ஏசி. 18:00 மணிக்கு ஏசி இல்லாமல் 0.20, தரை போக விளக்குக்கும் டிவிக்கும் 0.10. அப்படியானால் 0.70-இல் ஏசியின் பங்கு 0.50, அதாவது 1 கிலோவாட். 18:30 வரியில் 0.55 மட்டுமே இருப்பது ஏனென்றால் ஏசி அந்த அரைமணியின் நடுவில்தான் போடப்பட்டது.

சரி, இப்போது உச்சிக்கு வருவோம். 1.60-இல் 0.70 போனால் மிச்சம் 0.90. அடுத்த வரியில் 1.25-இல் 0.70 போனால் மிச்சம் 0.55. இந்த இரண்டும் யாருடையவை? வீட்டில் 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது, அது ஒரு அரைமணியில் அதிகபட்சம் 1 யூனிட் தின்னும். 0.90 என்றால் 27 நிமிடம், 0.55 என்றால் 16 நிமிடத்துக்குச் சற்று மேல். ஏழு மணி மூன்று நிமிடத்துக்குப் போட்டு, நிற்காமல் ஓடி, 7:46 வாக்கில் தானாக அணைந்திருக்கிறது என்று படிக்கலாம். மொத்தம் 1.45 யூனிட். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியில் இருந்து 75 டிகிரிக்குக் கொண்டுபோகக் கிட்டத்தட்ட இதே அளவுதான் தேவை, எங்கள் தொட்டியும் 25 லிட்டர்தான். இந்தக் கணக்கு ஒத்துப்போன பிறகுதான் எனக்கு நம்பிக்கையே வந்தது.

மாற்றிப் போட்டு உறுதி செய்யுங்கள்

இதுவரை செய்தது ஊகம்தான். ஹீட்டரும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே நேரத்தில் கொஞ்ச நேரம் ஓடியிருந்தாலும் 0.90 வந்திருக்கும், அரைமணிக் கணக்கால் அவற்றைப் பிரிக்க முடியாது. அதனால் மறுநாள் ஹீட்டரைச் சரியாக மாலை 4:00 மணிக்குப் போட்டேன், தானாக அணைந்ததும் சுவிட்சையும் அணைத்துவிட்டேன். 16:00 வரியில் 1.08, 16:30 வரியில் 0.57. தரை போகக் கூட்டினால் அதே 1.45. அன்று 19:00 வரி 0.72-க்கு இறங்கியது.

இந்தச் சோதனையிலேயே இன்னொரு விஷயமும் தெரிந்துவிடும். சில மீட்டர் கோப்புகள் அரைமணி தொடங்கும் நேரத்தை எழுதுகின்றன, சில முடியும் நேரத்தை. நாலு மணிக்குப் போட்ட ஹீட்டரின் பெரிய எண் உங்கள் கோப்பில் 16:30 வரியில் வந்தால், உங்களுடையது முடியும் நேரம், முழு வரைபடத்தையும் அரைமணி முன்னால் தள்ளிப் படியுங்கள். பல மணி நேரம் தள்ளித் தெரிந்தால் கோப்பு வேறு நேர மண்டலத்தில் எழுதப்படுகிறது. மேடு 4 மணிக்கு வந்தும் 19:00 வரி இறங்கவே இல்லையென்றால், உச்சத்துக்கு ஹீட்டர் காரணமில்லை. அடுத்த நாள் அடுத்த சந்தேகத்தை இதேபோல நகர்த்திப் பாருங்கள், ஒரு நாளைக்கு ஒரு கருவி மட்டும்.