போட்டோவில் வந்த பில்லைச் சரிபார்க்க

வாட்ஸ்அப்பில் வரும் ஜிஎஸ்டி பில்லை டைப் செய்ததும், அடியில் உள்ள மொத்தத்தைப் பார்க்காமல் ஒவ்வொரு பொருளின் தொகையையும் நீங்களே கணக்கிடுங்கள்: எண்ணிக்கை × விலை, அதில் தள்ளுபடியைக் கழித்து, மீதிக்கு மட்டும் வரி. எல்லாவற்றையும் கூட்டியபின் பில் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள்.

உதாரணமாக, 10 × 240, தள்ளுபடி 10%, வரி 5% என்றால் 2,268. அடுத்தது 4 × 650, தள்ளுபடி 5%, வரி 18% என்றால் 2,914.60. மொத்தம் 5,182.60, பில்லில் 5,183 என்று முழு ரூபாயாக்கியிருப்பார்கள். மங்கலான படத்தில் 650-ஐ 660 என்று படித்திருந்தால், முழு ரூபாயாக்கும் முன் உள்ள மொத்தத்தைவிட 44.84 கூடும். அந்த வித்தியாசத்தை 1.18-ஆல் வகுத்தால் சரியாக 38 வருகிறது, 1.05-ஆல் வகுத்தால் 42.70 சொச்சம். ஆக, பிழை பெரும்பாலும் 18% வரி உள்ள பொருட்களில்தான். பெரிய பில்லில் இந்த ஒரு வகுத்தலே தேடும் நேரத்தைக் குறைக்கும்.

வித்தியாசம் 50 பைசாவுக்குள் என்றால் பெரும்பாலும் ரவுண்ட் ஆஃப்தான். விலையிலேயே வரி சேர்ந்திருக்கும் எம்ஆர்பி பில்லுக்கு இந்த வரிசை பொருந்தாது. தள்ளுபடியை மொத்தத்தில் ஒரே தொகையாகக் கழித்திருந்தால், முதலில் அதைப் பொருட்களின் மதிப்புக்கேற்பப் பிரித்துக்கொள்ள வேண்டும்.