தீர்ப்பாய அறிக்கையில் அபாயப் பகுதியைத் திருத்தியது: என் அனுபவம்

இங்கிலாந்தில் 1983 மனநலச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் தடுத்து வைக்கப்பட்டவர் தீர்ப்பாயத்தில் முறையிட்டால், பொறுப்பு மருத்துவர் அறிக்கை தர வேண்டும். அப்படி ஒரு நோயாளிக்காக நான் எழுதிய வரைவைக் கெடுத்தது ஒரே வரி: "தாக்கும் போக்குடையவர்." பழைய அறிக்கைகளிலிருந்து அப்படியே நகலாகி வந்த வரி. எப்போது, யாரை, என்ன செய்தார் என்று ஒன்றுமில்லை.

மூலக் குறிப்பைத் தேடி எடுத்தேன். 4 ஆண்டுக்கு முன், மாத்திரையை நிறுத்தி 6 வாரம் கழித்து, சாப்பாட்டில் விஷம் இருப்பதாக நம்பி அண்ணனைத் தள்ளியிருக்கிறார். காயமில்லை. அதை அப்படியே எழுதி, வார்டில் 10 வாரமாக அப்படி எதுவும் நடக்கவில்லை என்பதையும் பக்கத்திலேயே வைத்தேன். அவருக்குச் சாதகமானதை மறைத்தால் அறிக்கை முழுவதும் நம்பிக்கை இழக்கும். அவருக்கும் அது அநியாயம்.

அடுத்த சிக்கல், "நன்கு தேறிவிட்டார்" என்றும் "தடுத்து வைக்க வேண்டும்" என்றும் ஒரே அறிக்கையில் எழுதியிருந்தது. சட்டம் நோயின் தன்மை அல்லது தீவிரம் என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஆகவே தீவிரம் குறைந்ததை ஒப்புக்கொண்டு, தன்மையை விளக்கினேன்: இரண்டு முறை மருந்து நின்றது, இரண்டு முறையும் இரண்டு மாதத்துக்குள் நோய் திரும்பியது. "வீட்டுக்குப் போனா மாத்திரை வேண்டாம்" என்ற அவர் சொல்லையும் தேதியோடு சேர்த்தேன்.

தடுத்து வைப்பது தேவை என்று நிரூபிக்கும் பொறுப்பு மருத்துவமனையுடையது, நோயாளியுடையதல்ல. அனுப்புமுன் அவரோடு உட்கார்ந்து வாசித்தேன். ஒரு தேதி தவறு என்றார், சரிபார்த்தபோது அவர் சொன்னதே சரி.