“சுத்தக் கிரயம்” என்று எழுதிவிட்டால் நிலம் போய்விடுமா? மறுகிரயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்கு நடத்துகிறவர்களிடம் வரும் பத்திரங்களில் அடிக்கடி கண்ணில் படும் வரி ஒன்று உண்டு. “மேற்படி தவணைக்குள் தொகையைச் செலுத்தித் திரும்பக் கிரயம் பெறத் தவறினால், இதையே சுத்தக் கிரயமாகப் பாவித்துக்கொள்ள வேண்டியது.” சுத்தக் கிரயம் என்றால் திரும்பப் பெற முடியாத முழு விற்பனை. அவசரத்துக்குக் கடன் வாங்கியவர் அடமானம் எழுதியதாக நினைத்திருப்பார். கடன் கொடுத்தவர் கிரயப் பத்திரமாக எழுதி வாங்கியிருப்பார். தவணை தவறி நிலத்தை ஒப்படைக்கச் சொல்லும்போதுதான் வக்கீலைத் தேடி வருவார்கள். வந்தவுடன் சொல்வது: “சார், இருபது லட்சம் பெறுமான நிலம், அஞ்சு லட்சத்துக்குப் போகுது. கோர்ட்டு நியாயம் பார்க்கும்ல?”

பார்க்கும். ஆனால் எந்த இடத்தில் பார்க்கும், எந்த இடத்தில் பார்க்காது என்பதில்தான் பலர் நிலத்தை இழக்கிறார்கள். ஈக்விட்டி என்று வழக்கறிஞர்கள் சொல்லும் அந்த நியாய நெறிக்குச் சில முதுமொழிகள் உண்டு. “ஈக்விட்டி சட்டத்தைப் பின்தொடரும்” என்பது ஒன்று. “நியாயம் கேட்டு வருபவன் நியாயம் செய்ய வேண்டும்” என்பது இன்னொன்று. இவை சட்டக் கல்லூரிப் பாடம் மட்டும் அல்ல. விற்ற நிலத்தைத் திரும்ப எழுதி வாங்கும் மறுகிரய வழக்கில் நிலம் யார் கையில் நிற்கும் என்பதையே இவை தீர்மானிக்கும்.

இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே அடமானம் என்றால் நிலத்தையே கடன் கொடுத்தவர் பெயருக்கு மாற்றிக் கொடுப்பார்கள். குறித்த நாளில் பணம் கட்டினால் நிலம் திரும்பும், ஒரு நாள் தாமதித்தாலும் போய்விடும். சாதாரண நீதிமன்றங்கள் பத்திரத்தில் உள்ளபடியே தீர்ப்புச் சொல்லின. நியாய நெறிப்படி தீர்ப்புச் சொல்லும் சான்சரி நீதிமன்றம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று சொல்லவில்லை. கடன் கொடுத்தவர்தான் சட்டப்படி உடைமையாளர் என்பதை ஒப்புக்கொண்டது. ஆனால் அவர் தேடியது கடனுக்கு ஒரு ஈடு. அசலும் வட்டியும் கைக்கு வந்த பிறகும் நிலத்தைப் பிடித்து வைத்திருப்பது மனசாட்சிக்கு விரோதம் என்று சொல்லி, திருப்பி எழுதிக் கொடுக்க வைத்தது. சட்டத்தின் உடம்பைத் தொடாமல் அதன் கடுமையை மட்டும் குறைத்தது இப்படித்தான். அடமானத்தை மீட்கும் உரிமை பிறந்ததும் இங்கேதான்.

நம் பக்கத்தில் அது எளிதாக வந்துவிடவில்லை. 1870இல் ஒரு சென்னை மாகாண வழக்கில், அன்று மேல்முறையீட்டின் கடைசிப் படியாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், இந்த மீட்புரிமை இந்நாட்டுப் பழைய சட்டத்தில் இல்லை, நிபந்தனைக் கிரயத்தில் தவணை தவறினால் பத்திரத்தில் உள்ளபடிதான் நடக்கும் என்று சொல்லிவிட்டது. 1882இல் வந்த சொத்து மாற்றுச் சட்டத்தின் 60ஆம் பிரிவுதான் மீட்புரிமையை எல்லோருக்கும் எழுத்தில் உறுதி செய்தது. அதனால் இங்கே ஈக்விட்டி என்பது நீதிபதியின் இரக்கம் அல்ல. பெரும்பாலும் அது சட்டப் பிரிவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பிரிவு திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் உள்ளே போக முடியும்.

ஒரு கணக்காகச் சொல்கிறேன். ஆட்கள் கற்பனை, நடைமுறை அப்படியே. மேலூர்ப் பக்கம் பெரியாற்றுப் பாசனத்தில் அண்ணன் தம்பி இருவர். ஆளுக்கு எண்பது சென்ட் நஞ்சை, ஒவ்வொன்றும் இருபது லட்சம் பெறும். 2019இல் இருவரும் ஒரே ஆளிடம் ஐந்தைந்து லட்சம் வாங்குகிறார்கள். தவணை மூன்று வருடம். கிரயம் எழுதிக் கொடுத்த பிறகும் நிலத்தை அவர்களே உழுகிறார்கள், பட்டா அவர்கள் பெயரிலேயே நிற்கிறது, அறுவடைக்கு அறுவடை ஆளுக்கு ஆறு மூடை நெல் வட்டிக்காகப் போகிறது. 2022இல் தவணை முடிந்தது, இருவராலும் கட்ட முடியவில்லை. 2024இல் பணத்தோடு போனால், “காலம் முடிந்தது, சுத்தக் கிரயம் ஆகிவிட்டது” என்று பதில் வருகிறது.

இருவருக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அண்ணனின் கிரயப் பத்திரத்துக்குள்ளேயே திரும்ப எழுதிக் கொடுக்கும் நிபந்தனை இருக்கிறது. தம்பிக்குக் கிரயம் தனி, மறுகிரய ஒப்பந்தம் தனி. ஒரே நாளில், ஒரே பத்திர எழுத்தர் எழுதி, அடுத்தடுத்த எண்ணில் பதிவானவை.

முதல் தவறு, இதைச் சின்ன விஷயமாக நினைப்பது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 58ஆம் பிரிவில் (c) உட்பிரிவுக்கு 1929இல் ஒரு வரம்புரை சேர்த்தார்கள். திரும்பக் கொடுக்கும் நிபந்தனை அந்தக் கிரயப் பத்திரத்திலேயே இல்லாவிட்டால் அதை அடமானமாகக் கருத முடியாது என்கிறது அது. உச்ச நீதிமன்றமும் 1954இல் சுஞ்சுன் ஜா வழக்கில் இதையே சொன்னது: பத்திரம் இரண்டாக இருந்தால் அடமானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. “ஈக்விட்டி உருவத்தைப் பார்க்காது, உள்ளத்தைப் பார்க்கும்” என்ற முதுமொழியைத் தம்பியின் வக்கீல் எவ்வளவு அழகாகச் சொன்னாலும், சட்டமே வாசலை அடைத்த இடத்தில் அது நுழையாது. தம்பிக்கு மிஞ்சுவது மறுகிரய ஒப்பந்தம் மட்டுமே. திரும்ப வாங்கும் உரிமையை ஒரு சலுகையாகவே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. குறித்த தேதி அங்கே கண்டிப்பானது. 2022இல் கட்டாதவர் 2024இல் கேட்டால் கிடைப்பது அரிது. நெல் அளந்ததையும் பட்டாவையும் காட்டி, “அது பெயரளவுக் கிரயம், உண்மையில் விற்கவே இல்லை” என்று வாதாடலாம். அப்படி வாய்மொழிச் சாட்சியம் கொடுக்க 1982இல் கங்காபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இடம் தந்திருக்கிறது. ஆனால் திரும்ப வாங்குகிறேன் என்று தானே தனியாகக் கையெழுத்துப் போட்டவர், விற்கவே இல்லை என்று மெய்ப்பிப்பது மிகவும் கடினம்.

அண்ணனின் நிலை வேறு. ஒரே பத்திரம் என்பதாலேயே அது அடமானம் ஆகிவிடாது. பலர் அப்படி எண்ணி அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான். அடுத்து நோக்கத்தைப் பார்ப்பார்கள். இருபது லட்சம் நிலத்துக்கு ஐந்து லட்சம் விலையா? வாங்கியவர் ஏன் பட்டா மாற்றவில்லை? விற்றவர் ஏன் இன்னும் உழுகிறார்? நெல் எதற்காகப் போனது? இவை எல்லாம் கடன் என்று பேசுகின்றன. அடமானம் என்று முடிவானால், “சுத்தக் கிரயமாகப் பாவிக்க வேண்டியது” என்ற வரி தானாக நிலத்தைக் கொண்டுபோகாது. இரு தரப்பும் பின்னால் தனியாகச் செய்துகொள்ளும் ஏற்பாட்டாலோ, நீதிமன்றத் தீர்ப்பாலோ மட்டுமே மீட்புரிமை அணையும் என்கிறது 60ஆம் பிரிவு. கடன் கொடுத்தவர் நிலம் வேண்டுமென்றால் வழக்குப் போட்டு, மீட்கும் உரிமையை அடைக்கும் தீர்ப்பு வாங்கியிருக்க வேண்டும். அவர் வாங்கவில்லை. அண்ணனின் உரிமை உயிரோடு இருக்கிறது.

எதுவரை? இங்கேதான் அடுத்த தவறு. மீட்புரிமை சாகாது என்று கேள்விப்பட்டுச் சும்மா இருந்துவிடுவது. 1963ஆம் வருட காலவரையறைச் சட்டத்தின் 61ஆம் இனம் முப்பது வருடம் தருகிறது. அண்ணனுக்கு அது 2052இல் முடியும். அதற்கு மறுநாள் போட்ட வழக்கை, எதிராளி வாயைத் திறக்காவிட்டாலும் நீதிமன்றம் தள்ளியே ஆக வேண்டும். எந்த முதுமொழியும் அந்த ஒரு நாளைத் திருப்பித் தராது. (நிலத்தை அனுபவித்துக் கடனைக் கழித்துக்கொள்ளும் ஒத்தி மட்டும் வேறு வகை. அதில் பத்திரத் தேதியிலிருந்து முப்பது வருடம் ஆனாலே மீட்புரிமை போய்விடாது என்று 2014இல் சிங் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. “முப்பது வருஷமாச்சு, ஒத்தி எங்களுக்கே சொந்தம்” என்று ஊரில் சொல்வதை நம்பி வீட்டை விட்டுக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அது எனக்கு இன்றும் வலிக்கிற விஷயம்.)

பிராதில் பொய் சேர்ப்பதுதான் நான் அதிகம் அஞ்சும் தவறு. கோபத்தில் வருபவர், “நான் பணமே வாங்கவில்லை, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள் என்று எழுதுங்கள்” என்பார். பத்திரம் சார்பதிவாளர் முன்னால் கைரேகையோடு பதிவாகியிருக்கும். குறுக்கு விசாரணையில் அந்தப் பொய் உடைந்ததும், அவருடைய நெல்லும் பட்டாவும் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். சுத்தமான கையோடு வா என்று ஈக்விட்டி கேட்பது இதைத்தான். அண்ணன் சொல்ல வேண்டியது சுருக்கமானது: ஐந்து லட்சம் வாங்கினேன், இவ்வளவு நெல் அளந்தேன், மிச்சத்தைக் கட்டத் தயார், நிலத்தைத் திருப்பித் தரட்டும்.

தயார் என்று சொன்னால் போதாது. பணம் இல்லாமல் வழக்கை மட்டும் போட்டு இழுப்பது இன்னொரு தவறு. மீட்பு வழக்கில் முதலில் வருவது முதனிலைத் தீர்ப்பு. கணக்குப் பார்த்து எவ்வளவு கட்ட வேண்டும் என்று முடிவானதும், கட்டுவதற்கு ஆறு மாதத்துக்குள் ஒரு தேதி குறிப்பார்கள். காரணம் காட்டினால் நீட்டிப்பு கேட்கலாம், ஆனால் கிடைத்தே தீரும் என்று இல்லை. நியாயம் கேட்டவன் நியாயம் செய்ய வேண்டும் என்பது இங்கே ரூபாயாக வந்து நிற்கும்.

அண்ணன் மாதிரி ஆட்களுக்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 83ஆம் பிரிவு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. கடன் கொடுத்தவர் பணத்தை வாங்க மறுத்தால், மீட்பு வழக்கு போடக்கூடிய அதே நீதிமன்றத்தில், பாக்கித் தொகையை அவர் கணக்கில் கட்டிவிடலாம். நீதிமன்றம் அவருக்கு அறிவிப்பு அனுப்பும். அவர் பணத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் தன்னிடமுள்ள பத்திரங்களை அங்கே ஒப்படைக்க வேண்டும். முழுத் தொகையையும் முறைப்படி கொடுத்த நாளிலிருந்தோ, கட்டிவிட்டு அவர் அதை எடுத்துக்கொள்ள வேண்டியதையெல்லாம் செய்து, அறிவிப்பும் அவர் கைக்குச் சேர்ந்த நாளிலிருந்தோ வட்டி ஓடுவது நிற்கும் என்கிறது 84ஆம் பிரிவு. தொகையைக் குறைத்துக் கட்டினால் இந்தப் பலன் கிடைக்காது. அதனால் போட்ட நெல்லுக்கெல்லாம் கையெழுத்து வாங்கிய துண்டுச்சீட்டு, வங்கி ரசீது, களத்தில் அளந்த தேதி எழுதிய நோட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகே பணம் கட்டும் சலானை நிரப்பச் சொல்வேன்.