கடனைக் கழித்துவிட்டுப் பிஎஃப் போடாதீர்கள்: சம்பளக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பளப் பட்டியல் போடப் புதிதாக வருகிறவர்கள் என் பக்கத்து நாற்காலியில்தான் முதல் இரண்டு மாதம் உட்காருவார்கள். போன மாதம் வந்த தம்பி ஒருவர் 28,000 கிராஸ் சம்பளக்காரருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். கைக்கு வரும் தொகையில் 480 ரூபாய் கூடுதல். எங்கே பிசகினார் என்று பார்க்க எனக்குப் பட்டியலைத் திறக்கவே தேவைப்படவில்லை. அதே தவறை நானும் பத்து மாதம் செய்திருக்கிறேன்.

கூட்டல் பிழை, ஆள் மாறிப்போவது, வங்கிக் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் விடுபடுவது எல்லாம் இங்கே வேண்டாம். அவை அன்றைக்கே தெரிந்துவிடும். சம்பளம் குறைந்தால் ஆள் மதியத்துக்குள் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார். பேசிக்குக்குப் போட வேண்டிய பன்னிரண்டு சதவீதப் பிஎஃப்பை மொத்தக் கிராஸுக்கும் போட்டாலும் அப்படித்தான். பயப்பட வேண்டியது, யாருமே வந்து நிற்காத தவறுக்கு.

கடன் தவணையைச் சம்பளத்தில் குறைப்பது

அந்த 28,000 ரூபாய்க்காரரையே எடுத்துக்கொள்வோம். பேசிக்கும் டிஏவும் சேர்த்து 14,000. வீட்டு வாடகைப்படி 8,000. உற்பத்திக்குத் தகுந்தபடி மாதாமாதம் மாறும் ஊக்கத்தொகை, இந்த மாதம் 6,000. கம்பெனியில் வாங்கிய கடனுக்கு மாதம் 4,000 தவணை. இஎஸ்ஐ வரம்பான 21,000-ஐ ஏற்கெனவே தாண்டியவர் என்பதால் அந்தப் பிடித்தம் கிடையாது. இந்தச் சம்பளத்துக்கு வருமான வரியும் வராது.

பிஎஃப், பேசிக்கும் டிஏவும் சேர்ந்த 14,000-க்குப் பன்னிரண்டு சதவீதம், அதாவது 1,680. தொழில் வரிக்கு மாதம் 208 (ஏன் 208 என்று பிறகு சொல்கிறேன்). தவணை 4,000. மூன்றும் சேர்ந்து 5,888. கைக்கு 22,112.

தம்பி என்ன செய்திருந்தார் தெரியுமா? 4,000-ஐ முதலில் பேசிக்கிலேயே கழித்துவிட்டார். மீதி 10,000-க்குப் பிஎஃப் 1,200. கைக்கு 22,592. "கடன் போனது போக மீதிதானே சார் அவரோட சம்பளம்?" என்று கேட்டார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அவர் அந்த மாதம் சம்பாதித்தது 28,000. அதில் ஒரு பங்கைக் கடனுக்குக் கொடுத்தது, சம்பளம் வாங்கிய பிறகு நடக்கும் சங்கதி. மளிகைக் கடைப் பாக்கியைக் கொடுத்ததால் ஒருவருடைய சம்பளம் குறைந்துவிடாது இல்லையா? கம்பெனிக் கடனும் அப்படித்தான். மூன்று பிடித்தமும் அதனதன் அடிப்படையில் தனித்தனியாகக் கணக்காகும். ஒன்றைக் கழித்த மீதியில் அடுத்ததைப் போடும் வழக்கமே கிடையாது.

இனி என் கதை. 2016-ல் அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் இருந்தேன். அங்கிருந்த பழைய எக்செல் தாளில் கடனுக்கென்று தனிப் பத்தியே இல்லை. புதிதாக ஒன்று சேர்த்தால் பே ஸ்லிப் அச்சடிக்கும்போது பக்கத்தைவிட்டு வெளியே போய்விடும். அதனால் பேசிக் பத்தியிலேயே தவணையைக் கழித்துப் போட்டேன். ஒன்பது பேர், ஆளுக்கு 3,000 தவணை, பத்து மாதம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்க வேண்டும்? ஒவ்வொருவருக்கும் மாதம் 360 ரூபாய் கூடுதலாகக் கையில் வந்துகொண்டிருந்தது. முதலாளிக்கும் அவருடைய பங்கில் அதே 360 மிச்சம். எல்லாருக்கும் சந்தோஷம் தரும் கணக்கு என்றால் இரண்டாவது முறை பார்க்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிஎஃப் அலுவலகத்திலிருந்து வந்தவர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். மாதாமாதம் இணையத்தில் ஏற்றும் ஈசிஆர் கோப்பில் ஆளுக்கு ஒரு வரிசை இருக்கும். அதில் பிஎஃப் கணக்கான சம்பளமும் இருக்கும், சம்பளமில்லாமல் போன நாட்களும் இருக்கும். இந்த ஒன்பது பேருக்கும் சம்பளம் திடீரென்று 3,000 குறைகிறது, லீவு நாட்கள் பூஜ்யம் என்கிறது. ஆள் முழு மாதமும் வந்திருக்கிறார், பேசிக் மட்டும் எப்படி இறங்கும்? வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். எனக்கு வியர்த்தது.

பாக்கி 64,800. இதில் பாதி, அதாவது 32,400, தொழிலாளர்கள் பங்கு. அடுத்த மாதச் சம்பளத்தில் அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். தொழிலாளியின் பங்கை அந்தந்த மாதச் சம்பளத்தில்தான் பிடிக்க முடியும். அப்போது பிடிக்கத் தவறினால், அது எழுத்துப் பிழையால் நேர்ந்தது என்று காட்டி, பிஎஃப் ஆய்வாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்கினால்தான் பிறகு பிடிக்கலாம். முதலாளி அந்த வழிக்கே போகவில்லை. இரண்டு பங்கையும் கம்பெனியே கட்டியது. அதற்கு மேல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கும் மேல் தாமதத்துக்கான அபராதம். அந்த வருடம் எனக்குச் சம்பள உயர்வு கிடைக்கவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

தொழிலாளிக்கும் இதில் லாபமில்லை. முதலாளி பங்கிலிருந்து 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. அந்த ஓய்வூதியம் கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை வைத்துக் கணக்காகும். ஓய்வுக்கு நான்கைந்து வருடம் இருப்பவர் மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கி, அந்தத் தவணை பேசிக்கில் கழிந்துகொண்டே இருந்தால், அவருடைய சராசரியும் கூடவே இறங்கும்.

சரி, பேசிக் எப்போதுமே குறையக் கூடாதா என்றால், அப்படியும் இல்லை. சம்பளமில்லாத லீவு போட்டால் குறையத்தான் வேண்டும். அதே ஆள் 30 நாள் மாதத்தில் மூன்று நாள் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசிக்கும் டிஏவும் 12,600 ஆகும், வாடகைப்படி 7,200. ஊக்கத்தொகை அந்த மாதம் 4,200 என்றால் கிராஸ் 24,000. பிஎஃப் 12,600-க்கு மட்டும், அதாவது 1,512. தொழில் வரி அதே 208. தவணை அதே 4,000. கைக்கு 18,280. லீவு பிஎஃப்பைக் குறைக்கும், கடன் குறைக்காது. ஈசிஆரிலும் அந்த மூன்று நாள் ஏறியிருக்க வேண்டும்.

எக்செல் தாளில் இதை இப்படிப் பூட்டி வைத்திருக்கிறேன். A கிராஸ், B அந்த மாதம் சம்பாதித்த பேசிக்கும் டிஏவும், C பிஎஃப், D தொழில் வரி, E தவணை. முதல் சூத்திரம் C2-வில், அடுத்தது F2-வில்:

```
=ROUND(MIN(B2,15000)*12%,0)
=A2-C2-D2-E2
```

E என்ற எழுத்து முதல் சூத்திரத்தில் எங்கும் வரக் கூடாது. புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சரிபார்க்கச் சொல்வது இதைத்தான். 15,000 என்பது 2014 செப்டம்பர் முதல் உள்ள சட்ட வரம்பு. வரம்பைத் தாண்டி முழு பேசிக்குக்கும் கட்டுகிற கம்பெனியாக இருந்தால் `MIN`-ஐ எடுத்துவிடுங்கள்.

தொழில் வரி அட்டவணையை மாதச் சம்பளத்தோடு பார்ப்பது

தமிழ்நாட்டில் தொழில் வரி அரையாண்டுக் கணக்கு. சென்னை மாநகராட்சி அட்டவணையில் 21,001 முதல் 30,000 வரை 180 ரூபாய் என்று ஒரு வரிசை இருக்கும். 28,000 சம்பளக்காரரை அந்த வரிசையில் கொண்டுபோய் உட்கார வைப்பவர்கள் நிறையப் பேர். அந்த 30,000, ஆறு மாத வருமானம். நம் ஆளுக்கு ஆறு மாதத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் வருகிறது. 75,000-ஐத் தாண்டியவர்களுக்கான 1,250 ரூபாய்தான் அவருக்கு. அரசியலமைப்புப்படி ஆண்டுக்கு 2,500-க்கு மேல் யாரிடமும் வாங்க முடியாது என்பதால் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அதுதான் உச்சம்.

சில இடங்களில் செப்டம்பரிலும் மார்ச்சிலும் மொத்தமாகப் பிடிப்பார்கள். அந்த மாதம் மட்டும் சம்பளம் ஏன் குறைந்தது என்று ஒரு கூட்டமே வரும். அதனால்தான் நாங்கள் ஆறாகப் பிரித்துவிட்டோம். ஆனால் 208-ஐ ஆறு முறை பிடித்தால் 1,248தான் வரும். கடைசி மாதம் 210. நூறு பேர் இருந்தால் இந்த இரண்டு ரூபாய் 200 ரூபாய் ஆகி, மாநகராட்சிக்குக் கட்டும் நாளில் யார் பையிலிருந்து போடுவது என்ற கேள்வி வரும். (ஒருமுறை என் பையிலிருந்து போட்டேன்.)

பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் மாதம் 200 என்று பழக்கத்தில் போடுவார்கள். அது கர்நாடகக் கணக்கு.

பிஎஃப் லோனுக்குத் தவணை பிடிப்பது

சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது. ஒருவர் வைத்தியச் செலவுக்குப் பிஎஃப்பில் பணம் எடுத்தார். எல்லோரும் அதைப் "பிஎஃப் லோன்" என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்ட ஒரு பெண் உடனே கடன் பத்தியில் அவர் பெயரைச் சேர்த்து மாதம் 2,000 பிடிக்க ஆரம்பித்துவிட்டார். பிடித்த பணத்தை எங்கே கட்டுவது என்று மூன்றாம் மாதம் என்னிடம் கேட்க வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அது முன்பணம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. 6,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம்.

முதலாளி பங்கைக் கிராஸிலிருந்து கழிப்பது

அது கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவான சிடிசியில் இருக்கும், கிராஸில் இருக்காது.

விலகுபவரின் கடனைப் பிஎஃப்பில் தேடுவது

முடியாது. அந்தப் பணத்தின்மேல் கம்பெனிக்கு உரிமை இல்லை.

தவணையைக் கண்மூடிக்கொண்டு பிடிப்பது

மொத்தப் பிடித்தம் அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. முழு மாதம் வருகிறவருக்கு இந்தப் பிரச்சினை வராது. காலில் அடிபட்டுப் பதினெட்டு நாள் சம்பளமில்லாமல் இருந்தவருக்கு வரும். எங்களிடம் ஒருவருக்கு அந்த மாதம் கிராஸ் 9,000தான் தேறியது. தவணையும் மற்றவையும் சேர்ந்து 5,000-க்கு மேல் போனது. தவணையில் பாதியை மட்டும் பிடித்து, மீதியைக் கடைசித் தவணைக்குப் பிறகு ஒரு மாதம் நீட்டி வைத்தோம். அதற்கு அவரிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டோம். அப்போதும் பிஎஃப், அவர் வந்த பன்னிரண்டு நாள் பேசிக்குக்கும் டிஏவுக்கும் முழுதாகப் போனது.